விசா பழைய பாஸ்போர்ட்டில், பயணம் புதிய பாஸ்போர்ட்டில்

என் கணவருக்கு 2018-இல் அமெரிக்கா போக பி1/பி2 விசா கிடைத்தது. பத்து வருட விசா, 2028 வரை செல்லும். ஆனால் அது ஒட்டியிருந்த பாஸ்போர்ட் 2015-இல் எடுத்தது. அதன் காலம் 2025-இல் முடிய இருந்தது. மகளைப் பார்க்க நியூயார்க் போகலாம் என்று பேச்சு வந்ததுமே, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் விசா போய்விடுமோ என்ற பயம்தான் முதலில் வந்தது.

போகாது. அமெரிக்க வெளியுறவுத் துறையே இதைத் தன் தளத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விசாவின் காலம் முடிந்திருக்கக் கூடாது, தாள் சேதமாகியிருக்கக் கூடாது, போகிற காரணத்துக்கு ஏற்ற வகை விசாவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட் இரண்டையும் கொண்டுபோய் நுழையலாம். இரண்டும் ஒரே நாடு கொடுத்த, ஒரே வகைப் பாஸ்போர்ட்டாக இருக்க வேண்டும். விசாவைப் பிரித்தெடுத்துப் புதியதில் ஒட்டினால் மட்டும் அது செல்லாமல் போய்விடும்.

ஆனால் எல்லா நாட்டுக்கும் இதே விதி என்று நினைத்துவிடக் கூடாது. உதாரணமாக, ஆஸ்திரேலியா இப்போது விசாவை ஒட்டுவதே இல்லை. விசா கணினியில் பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்திருக்கும். அங்கே புதிய எண்ணை அவர்களிடம் பதிவு செய்தாக வேண்டும். பழைய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவதால் ஒரு பயனும் இல்லை.

எங்களுக்குச் சிக்கல் வரப் பார்த்தது பெயரில். நம் ஊரில் பலரைப் போல என் கணவருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அவர் பெயரும் மாமனார் பெயரும் சேர்ந்து ஒரே வரியில் இருக்கும், 'சர்நேம்' இடம் காலி. அமெரிக்க விசாவில் இதை வேறு மாதிரி அச்சிடுவார்கள். அந்த முழு வரியும் 'சர்நேம்' இடத்துக்குப் போய்விடும். 'கிவன் நேம்' இடத்தில் எஃப்.என்.யு. என்று இருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பாஸ்போர்ட் இப்படி இருந்தால் விசா அப்படித்தான் வரும் என்பது அங்குள்ள அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அது பிரச்சினையே இல்லை.

விண்ணப்பத்தை நிரப்ப பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த பையன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான்: "அங்கிள், எப்படியும் புதுசு எடுக்குறீங்க, உங்க அப்பா பேரைத் தனியா சர்நேம்ல போட்டுடலாமே. வெளிநாட்டுல அதைத்தான் கேப்பாங்க." என் கணவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். நான் விடவில்லை. பெயரை அப்படிப் பிரித்துவிட்டால் புதிய பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் விசாவில் வேறு மாதிரியும் ஆகிவிடும். பெயர் மாறியவர்கள் புதிய விசா எடுப்பது நல்லது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை பரிந்துரைக்கிறது. அப்படி எடுப்பதென்றால் மறுபடியும் கட்டணம், மறுபடியும் நேர்காணலுக்காக நீண்ட காத்திருப்பு. மூன்று வருடம் உயிரோடு இருக்கிற விசாவை எதற்கு வீணாக்க வேண்டும்? இனிஷியலை விரிப்பது, எழுத்தைத் திருத்துவது, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு. விசா முடிகிற வரை பெயரைத் தொடாதீர்கள். விண்ணப்பத்தில் 'ரீ-இஷ்யூ' என்பதைத் தேர்ந்தெடுத்து, காலம் முடியப்போகிறது என்ற காரணத்தை மட்டும் குறித்தோம். சொந்த விவரங்களில் மாற்றம் எதுவும் இல்லை என்று கொடுத்தோம். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய்.

பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர்கள். ஏ-யில் போட்டோ, கைரேகை. பி-யில் ஆவணங்களைச் சரிபார்க்கிறார்கள். சி-யில் இருக்கும் அதிகாரிதான் ஒப்புதல் தருகிறார். எல்லா இடத்திலும் விசா பக்கத்தைத் திறந்து காட்டி, "இதுல 2028 வரைக்கும் அமெரிக்க விசா இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே போனோம். பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து, அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துத் திருப்பித் தருவார்கள். அது வழக்கம்தான். வெட்டிய ஓரத்தைப் பார்த்ததும் விசாவும் போயிற்று என்று பதற வேண்டாம். ரத்தானது பாஸ்போர்ட் மட்டும்தான். வெட்டோ முத்திரையோ விசாத் தாளின் மேல் படவில்லையே என்பதை மட்டும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக விசாவின் அடியில் உள்ள இரண்டு வரி இயந்திர எழுத்தும், வலது கீழ் மூலையில் உள்ள சிவப்பு எண்ணும் முழுசாகத் தெரிய வேண்டும்.

புதியது ஸ்பீடு போஸ்ட்டில் வந்ததும் நான் முதலில் திருப்பியது கடைசிப் பக்கத்தைத்தான். பழைய பாஸ்போர்ட்டின் எண்ணும், அது கொடுக்கப்பட்ட தேதியும் இடமும் அங்கே அச்சாகியிருக்கும். விசாவின் மேலும் பழைய எண்தான் இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் இரண்டு புத்தகமும் ஒரே ஆளுடையவை என்பதற்கான சாட்சி. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருந்தன.

டிக்கெட்டில் பழைய எண் பதிவாகியிருந்தால் அதைப் புதியதாக மாற்றிவிட வேண்டும். வீட்டிலிருந்தே செக்-இன் செய்தபோது பாஸ்போர்ட் கேட்ட இடத்தில் புதிய எண்ணையும், விசா கேட்ட இடத்தில் அந்தச் சிவப்பு எண்ணையும் கொடுத்தோம். அப்படியும் போர்டிங் பாஸ் வரவில்லை, கவுன்டரில் ஆவணங்களைக் காட்டச் சொன்னது. சென்னை விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்த பெண் பழைய பாஸ்போர்ட்டை முதலில் எடுத்து இயந்திரத்தில் வைத்துவிட்டார். காலாவதி என்று திரையில் வந்தது. அவர் முகம் மாறியது, எங்களுக்கும் கொஞ்சம் உதறல்தான். "பாஸ்போர்ட் இதும்மா, விசா மட்டும்தான் அதுல இருக்கு" என்று புதியதை நீட்டினேன். பாஸ்போர்ட்டைப் புதியதாகவும் விசாவைத் தனி ஆவணமாகவும் பதிந்ததும் போர்டிங் பாஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கே கேட்டாலும் புதியதைப் போட்டோ பக்கத்திலும் பழையதை விசா பக்கத்திலும் திறந்து, புதியது மேலே இருக்கும்படி கொடுத்தோம். ஒரு ரப்பர் பேண்டு போதும். ஸ்டேப்ளர் எல்லாம் அடிக்காதீர்கள். பழையதைத் தவறிக்கூட செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது.

நியூயார்க்கில் அதிகாரி இரண்டையும் பார்த்தார், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார், அவ்வளவுதான். புதிய பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை குத்தினால் பக்கத்தில் வி.ஐ.ஓ.பி.பி. என்று எழுதுவது வழக்கம். விசா வேறு பாஸ்போர்ட்டில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். ஆனால் இப்போதெல்லாம் பல இடங்களில் முத்திரையே குத்துவதில்லை. அதனால் மகள் வீட்டுக்குப் போனதும் i94.cbp.dhs.gov தளத்தில் எப்போது நுழைந்தோம், எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவை எடுத்துப் பார்த்தோம். புதிய எண்ணைக் கொடுத்ததுமே வந்தது, ஆறு மாதம் தங்க அனுமதி. புதிய எண்ணுக்குப் பதிவு வரவில்லை என்றால் பழைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதில் வந்தால், நுழைவைப் பழைய புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் 'டிஃபர்டு இன்ஸ்பெக்ஷன்' அலுவலகத்தில் இரண்டு பாஸ்போர்ட்டையும் காட்டினால் திருத்திக் கொடுப்பார்கள்.