விற்ற கூப்பனும் விற்காத சேலையும்: ஒரு ஜவுளிக்கடைக் கணக்கைச் சரிசெய்த அனுபவம்

நான் கணக்கு எழுதும் ஜவுளிக்கடையில் 2024 தீபாவளிக்கு ஆயிரம் ரூபாய்ப் பரிசுக் கூப்பன்கள் 400 விற்றார்கள். அந்த நான்கு லட்சம் ரூபாயும் அக்டோபர் மாத விற்பனையிலேயே சேர்க்கப்பட்டிருந்ததை, மார்ச் இறுதியில் கடனாளிகள் பட்டியலைப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன். யாருடைய பெயரும் இல்லாமல் 'கூப்பன்' என்ற தலைப்பில் 3,03,000 ரூபாய் வரவேண்டியதாக நின்றது. கூப்பனைக் கொடுத்துத் துணி வாங்கியபோது பில் மறுபடியும் விற்பனையாகப் பதிவாகி, கைக்குப் பணம் வராததால் அந்தத் தொகை கடனாக ஏறியிருந்தது. ஒரே பணம் இரண்டு முறை விற்பனையாகியிருந்தது.

கூப்பனை விற்கும்போது கடை எந்தச் சரக்கையும் கொடுப்பதில்லை. பின்னால் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு பணம் வாங்குகிறது. ஆகவே அந்தத் தொகை, துணி கைமாறும் வரை கடையின் பொறுப்பு. நடப்புப் பொறுப்புகளின் கீழ் தனிக் கணக்கு தொடங்கி, விற்பனையிலிருந்து நான்கு லட்சத்தை அதற்கு மாற்றினேன். பிறகு கடனாளியாக நின்ற 3,03,000 ரூபாயை அதிலிருந்து கழித்தேன். மீதி 97,000 ரூபாய்.

அத்துடன் வேலை முடிந்ததென்று நான் நம்பவில்லை. கல்லாவில் முத்திரையிட்டுக் கட்டி வைத்திருந்த கூப்பன்களை வரிசை எண்படி அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டேன்; 303 இருக்க வேண்டிய இடத்தில் 310 இருந்தன. அந்த ஏழுக்கும் உரிய பில்களை எடுத்துப் பார்த்தால், ஒரு கவுண்டரில் கூப்பன் தொகையைத் தள்ளுபடியாகப் போட்டிருந்தார்கள். 2,100 ரூபாய்ச் சேலைக்கு உள்ளடங்கிய ஜிஎஸ்டி 5 சதவீதப்படி 100 ரூபாய். ஆயிரத்தைத் தள்ளுபடியாக்கினால் அது 52.38 ஆகக் குறைந்துவிடுகிறது. கூப்பன் என்பது ரொக்கம் போலப் பணம் செலுத்தும் வழிதான், விலைக்குறைப்பு ஆகாது. ஏழு பில்களுக்கும் குறைந்த வரி 333.33 ரூபாயை வட்டியோடு கட்டினோம். தொகை சிறியதுதான், ஆனால் எண்ணிப் பார்க்காமல் விட்டிருந்தால் பொறுப்புக் கணக்கு என்றுமே நேராகியிருக்காது. அந்த 7,000 ரூபாயையும் பொறுப்பிலிருந்து கழித்ததும், மார்ச் 31 அன்று வராத கூப்பன் 90, பொறுப்பு 90,000 ரூபாய் என்று இரண்டும் பொருந்தின.

அடுத்த தீபாவளிக்குள் 72 கூப்பன்கள் வந்தன. அத்தோடு கூப்பன்களின் கெடு முடிந்தது. அன்றே மீதி 18,000 ரூபாயை வருமானமாக்கிவிடலாம் என்றார் மேலாளர். நான் சம்மதிக்கவில்லை, ஏனென்றால் தெரிந்த வாடிக்கையாளர் கொண்டுவந்தால் கெடு தாண்டியதையும் முதலாளி ஏற்றுக்கொள்வார், அந்த வழக்கம் இருக்கும்வரை பொறுப்பும் இருக்கிறது. "பொங்கல் வரைக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குமேல் வேண்டாம்" என்று முதலாளி எழுத்தில் கொடுத்தார். பொங்கலுக்குள் நான்கு கூப்பன்கள் வந்தன. எஞ்சிய 14,000 ரூபாயை இதர வருமானத்துக்கு மாற்றினேன். வராமலே போன கூப்பன் தொகைக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2024 டிசம்பர் 31 சுற்றறிக்கையில் தெளிவாக்கியிருந்ததால், அதன் நகலையும் பதிவுச் சீட்டோடு சேர்த்துக் கோப்பில் வைத்தேன்.