உருமால் கட்டிய பிறகு

6 ஏப்ரல் 2025, சுங்கை சிப்புட்

இன்று அப்பாவின் கருமாதி முடிந்தது. காரியங்கள் முடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் தாய்மாமன் புதுத் துண்டை எடுத்து அண்ணனின் தலையில் உருமால் கட்டினார். சில குடும்பங்களில் ஆண்மக்கள் எல்லோருக்கும் கட்டுவார்கள். எங்கள் வழக்கத்தில் கொள்ளி வைத்த மூத்தவருக்கு மட்டும்தான். "இனிமே இந்தக் குடும்பத்துக்கு நீதாம்பா பொறுப்பு" என்று மாமா சொன்னபோது அண்ணன் அழுதார். மொட்டையடித்த தலையோடு பக்கத்தில் நின்ற சின்னண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் உறவினர்கள் புறப்பட்ட பிறகு அண்ணன் எங்கள் மூவரையும் கூடத்தில் உட்காரச் சொன்னார். சின்னண்ணனும் தங்கையும் மாதம் முந்நூறு வெள்ளி தம் கையில் கொடுத்துவிட வேண்டும். அம்மாவின் வங்கி அட்டை தம்மிடம் இருக்கும். கோலாலம்பூரில் கிடைத்திருக்கும் வேலைக்குத் தங்கை போக வேண்டாம். இவற்றையெல்லாம் யோசனையாக அல்லாமல் முடிவாகவே சொன்னார். "அப்பா இருந்தா விட்டிருப்பாரா?" என்று அவர் கேட்டதற்குத் தங்கை, "அப்பாகிட்டே சொல்லிட்டேன் அண்ணே. போன மாசமே போகச் சொல்லிட்டாரு" என்றாள். அண்ணன் அதை நம்பவில்லை. எனக்கு ஒன்றும் கேட்கப்படவில்லை. நான் கட்டிக்கொடுத்த பெண் என்பதால் இந்தக் கணக்கில் சேராதவள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

14 ஏப்ரல் 2025

சித்திரைப் புத்தாண்டு. துக்க வருடமாகையால் வீட்டில் ஒன்றும் செய்யவில்லை. பள்ளி விடுமுறையாக இருந்ததால் அம்மாவோடு இருந்தேன்.

அம்மா ஒரு விஷயத்தைச் சொன்னார். மார்க்கெட்டுக்குப் போக இருபது வெள்ளி வேண்டுமென்றாலும் இப்போது மகனிடம் கேட்க வேண்டியிருக்கிறதாம். அண்ணன் ஒருபோதும் இல்லை என்று சொல்வதில்லை, கேட்டதற்கு மேலேயே கொடுக்கிறார். ஆனால் அப்பா சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, தம் வெற்றிலைச் செலவுக்கு அவரிடமிருந்து வாங்கிக்கொண்டவர். சேமநிதியிலும் வாரிசாக அம்மா பெயரை மட்டுமே எழுதியிருந்தார். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அப்படி எழுதப்பட்டவரே அந்தப் பணத்துக்கு உரியவர். மற்ற வாரிசுகளுக்குப் பிரித்துத் தர வேண்டியதில்லை. ஆகவே அந்தப் பணம் சேர்ந்திருக்கும் வங்கிக் கணக்கில் இருப்பது அம்மாவின் சொந்தப் பணம். வீட்டின் அதிகாரம் முழுவதும் அப்பாவிடம் இருந்தது போல வெளியில் தெரிந்தது. பணத்தைப் பொறுத்தவரை அது என்றும் அம்மாவிடமே இருந்தது. அண்ணன் எடுத்துக்கொண்டிருப்பது அப்பாவிடம் இல்லாத ஓர் அதிகாரத்தை.

11 மே 2025

வீட்டுக் கிராண்டு அப்பாவின் பெயரில் இருக்கிறது. அப்பா உயில் எழுதவில்லை. வீடும் நிலமும் மட்டுமான சிறிய சொத்து என்பதால் உயர்நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி நில அலுவலகமே விசாரித்து ஆணை பிறப்பிக்கும். அண்ணன் விண்ணப்பதாரராகப் படிவம் 'ஏ'யை நிரப்பியிருக்கிறார். இறப்புச் சான்றிதழ், கிராண்டின் நகல், எங்கள் அனைவரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை அவரே அலைந்து சேர்த்திருக்கிறார். அந்த உழைப்பை நாங்கள் மூவரும் செய்யவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அவற்றோடு வாரிசுகளின் ஒப்புதல் கடிதங்களையும் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். அம்மாவும் நாங்களும் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து, வீடு முழுவதும் அண்ணனின் பெயருக்கு மாற வேண்டும் என்பது அதன் பொருள். சின்னண்ணன் படித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். அண்ணன் என்னிடம், "நீ ஒரு ஆசிரியை, நீயே எடுத்துச் சொல்லும்மா. கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு இதுலே என்ன இருக்கு?" என்றார்.

இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தில் மகன், மகள், மணமானவள், ஆகாதவள் என்ற வேற்றுமை இல்லை; மூத்தவர் என்பதற்குத் தனிப்பங்கும் இல்லை. உயில் இல்லாமல் இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லாமல் மனைவியும் மக்களும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்குச் சமமாக. தாத்தாவும் பாட்டியும் எப்போதோ காலமாகிவிட்டார்கள். ஆக, அம்மாவுக்கு மூன்றில் ஒன்று. எங்கள் நால்வருக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. இதைச் சொன்னேன். உருமாலுக்கும் கிராண்டுக்கும் தொடர்பில்லை என்று நான் சொன்னதுபோல அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், முகம் வாடிவிட்டது.

22 ஜூன் 2025

இன்று பெரிய சண்டை. தங்கை வேலையை ஒப்புக்கொண்டு, தங்கும் இடத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டு வந்து சொன்னதில் தொடங்கியது. அண்ணன் அவளுடைய பெட்டியை எடுத்துத் தம் அறையில் வைத்துப் பூட்டினார். "நீங்க எங்க அப்பா இல்லே!" என்று அவள் கத்தினாள். சின்னண்ணன் நடுவில் புகுந்து, உருமால் கட்டினதால் யாரும் அப்பா ஆகிவிட முடியாது என்று சொன்னார். அந்தச் சொல் அளவுக்கு மீறியது.

அப்போது அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குக் கிடைச்ச அப்பா வேற, உங்களுக்குக் கிடைச்ச அப்பா வேற. எனக்குப் பதினஞ்சு வயசுலே படிப்பை நிறுத்தச் சொன்னாரு. நிறுத்தினேன். ஏன்னு கேட்கலே. நீங்க யாராச்சும் அப்படி ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டிருக்கீங்களா?"

ஒருவரும் பேசவில்லை.

இரவு முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். 1996இல் அண்ணன் படிவம் மூன்று முடித்தபோது அப்பா ரப்பர் தோட்டத்தில் மண்டோர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வேலைக்காட்டைப் பிரித்துக்கொடுத்து, பால் நிறுத்து முடியும்வரை அவருடைய சொல்லே சட்டம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் மாறாது. நான்கு பிள்ளைகளையும் ஒரே சம்பளத்தில் படிக்கவைக்க முடியாது என்பதால் மூத்தவரை வேலைக்கு அனுப்பினார். அண்ணனின் சம்பளத்தில்தான் நான் படிவம் ஆறு வரை போனேன். அதற்குப் பிறகு மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள், அப்பா ஓய்வுபெற்றார், நாங்கள் லயத்தை விட்டு இந்தத் தாமானுக்கு வந்தோம். தங்கை அறிந்தது இந்த அப்பாவைத்தான். அவள் இடைநிலைப் பள்ளியிலிருந்து வரும்போது வாசலில் காத்திருந்து, தாமே மீ கிண்டிக்கொடுத்த அப்பா அவர். சின்னண்ணன் ஜொகூருக்குப் போகிறேன் என்றபோது, "சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாதவர்.

அப்பா தம் அதிகாரத்தைத் தாமே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் தலையில் ஏற்றிக்கொண்டிருப்பது அப்பா 2025இல் விட்டுச் சென்றதை அல்ல, 1996இல் தம்மேல் செலுத்தியதை. அப்படிச் செய்யாவிட்டால் தம்முடைய கீழ்ப்படிதலுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும் என்று அவர் அஞ்சுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தம்பி தங்கைகளோ அவர் காட்டும் அப்பாவைக் கண்டதே இல்லை. ஆகவே அவர் அப்பாவின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பொய் சொல்வதாக நினைக்கிறார்கள்.

29 ஜூன் 2025

அம்மா கேட்டு, அண்ணன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். தங்கை கோலாலம்பூர் போய்விட்டாள். அண்ணன் பேருந்து நிலையத்துக்கு வரவில்லை.

18 செப்டம்பர் 2025

நில அலுவலகத்தில் விசாரணை. ஐவரும் போயிருந்தோம். தங்கை முதல்நாள் இரவே வந்துவிட்டாள்.

அதிகாரி உறுதிமொழி எடுக்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, தனித்தனியே மலாயில் கேட்டார். அம்மாவிடம் அவருடைய பங்கு எவ்வளவு என்பதை விளக்கி, விட்டுக்கொடுக்க விருப்பமா என்று கேட்டார். அம்மா தயங்காமல், "என் பங்கு எனக்கு வேணும்" என்றார். கணவரையோ மகனையோ முந்திக்கொண்டு அம்மா பேசி நான் பார்த்ததில்லை.

அடுத்து அண்ணன். வீட்டின் பின்கட்டைத் தம் சொந்தச் செலவில் எடுத்துக் கட்டியதாகவும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். வாரிசுகள் உடன்பட்டால் ஒழிய, பங்கு சட்டத்தில் உள்ளபடிதான் என்று அதிகாரி பதில் சொன்னார். இது சட்டத்தின் எல்லை. யார் எவ்வளவு காலம் இந்தக் குடும்பத்தைச் சுமந்தார் என்பதை அது அளப்பதில்லை. அதை அளக்க வேண்டியவர்கள் நாங்கள்.

என் முறை வந்தபோது, எனக்குரிய ஆறில் ஒரு பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னேன். என் கணவரிடம் முன்பே பேசியிருந்தேன். எனக்குப் பங்கே இல்லை என்று சொல்லி வாங்குவதும், என்னுடையது என்று ஏற்ற பிறகு நான் கொடுப்பதும் எனக்கு ஒன்றல்ல. நான் படித்த படிப்புக்கு அவர் கொடுத்த விலையை நான் அறிவேன். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

சின்னண்ணனும் தங்கையும் தங்கள் பங்கை வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அந்த உரிமை இருக்கிறது. முடிவில் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, அண்ணனுக்கு மூன்றில் ஒன்று, அவர்கள் இருவருக்கும் ஆறில் ஒவ்வொன்று என்று ஆணையாயிற்று. இனி நால்வரின் கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

20 அக்டோபர் 2025

தீபாவளி. எண்ணெய்க் குளியலும் பலகாரமும் இல்லை. அப்பா படத்துக்கு விளக்கேற்றினோம். தங்கையும் சின்னண்ணனும் வந்திருந்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். வங்கி அட்டை இப்போது அம்மாவிடம் இருக்கிறது, ஆனால் அண்ணன் தாமாகக் கொடுக்கவில்லை. விசாரணைக்குப் பிறகு அம்மா கேட்டு வாங்கினார். சின்னண்ணன் மாதம் முந்நூறு வெள்ளியை அம்மாவின் கணக்கிலேயே போட்டுவிடுகிறார். தம் கை வழியாக வராததில் அண்ணனுக்கு இன்னும் வருத்தம். வீட்டு வரியை அண்ணனே கட்டினார், ரசீதை யாருக்கும் காட்டவில்லை.

சாப்பிட்ட பிறகு அண்ணன் மார்ச் மாதம் வரும் தலைத் திவசத்தைப் பற்றிப் பேசினார். ஐயருக்கு, சமையலுக்கு, அன்னதானத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அதைச் சின்னண்ணனிடம் நீட்டி, "நீ என்னா நினைக்கிறே? எதைக் குறைக்கலாம்?" என்று கேட்டார். சின்னண்ணன் பேனாவை வாங்கி, சமையல்காரரை அடித்துவிட்டு, நாமே சமைத்துக்கொள்ளலாம் என்றார். தங்கை அதற்கு ஒப்பவில்லை. மூவரும் அதைப் பற்றி வெகுநேரம் வாதம் செய்துகொண்டிருந்தார்கள்.