அரை நாள் என்றால் எத்தனை மணி?

திருநெல்வேலியில் பேட்டை, கங்கைகொண்டான் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வேலை நேரம் முதலில் சூப்பர்வைசரின் நீள நோட்டில்தான் ஏறும். கூலிக்காக எழுதுவதால் அதில் ‘1’, ‘½’, ‘முக்கால்’, ‘3 மணி’ எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். சனிக்கிழமை கூலி பட்டுவாடாவுக்கு அது போதும். ஆனால் ஒரு ஷெட் போட்டு முடித்ததும் அதற்கு ஆள் செலவு எவ்வளவு ஆனது என்று கேட்டால், எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்த அளவு மணியாக இருப்பது நல்லது. நாளாக வைத்தால் இரண்டு மணி ஓ.டி.யை 0.25 என்று எழுத வேண்டிவரும். பிறகு அது கால் நாளா, ஓ.டி.யா என்று யாருக்கும் தெரியாது.

முதல் சிக்கல் அரை நாளில். காலை 8.30 முதல் 1 மணி வரை, பிறகு 1.30 முதல் 5 வரை என்று ஷிஃப்ட் ஓடும் பட்டறையில் நாளுக்கு 8 மணி. ஆனால் காலை அரை நாள் நாலரை மணி, மதியத்து அரை நாள் மூன்றரை.

“அண்ணாச்சி, மதியத்துக்கு மேல வந்தவனுக்கும் அரைதானா?”

“அரைதான். எத்தனை மணி நின்னான்னு பக்கத்துல எழுதிருங்க.”

இந்தப் பதிலில் கணக்கு முழுக்க இருக்கிறது. நாள் கூலி 880 என்றால் மணிக்கு 110. காலை அரை நாளை 4.5 மணியாகப் போட்டால் 495 ரூபாய். கையில் கொடுத்ததோ 440. சனிக்கிழமை மதியத்தோடு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் அதிகம் என்றால் காலை அரை நாட்கள்தான் கூடும். செலவுக் கணக்கு கூலிப் பதிவேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே பணத்துக்கு அரை நாள் 4 மணி, கால் 2, முக்கால் 6. உண்மையில் நின்ற மணியைத் தனிப் பத்தியில் வையுங்கள். அடுத்த ஷெட்டுக்குக் கொட்டேஷன் போடும்போது அதுதான் உதவும்.

ஒரு வெல்டரின் ஒரு வாரம், ஒரே வேலைக்கு:

திங்கள் 1, செவ்வாய் ½ + 2 மணி, புதன் 6 மணி, வியாழன் 1, ஓ.டி. 2 மணி, வெள்ளி 3:30, சனி ½.

மணியாக்கினால் 8, 6, 6, 10, 3.5, 4. மொத்தம் 37.5 மணி, 4,125 ரூபாய். ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்றால் அந்த 2 மணிக்கு இன்னொரு 220 சேரும், ஆக 4,345. மணியை இரட்டிப்பாக்கி 39.5 என்று எழுதக் கூடாது. பணம் சரியாக வரும், ஆனால் வேலை பிடித்த நேரம் பொய்யாகிவிடும்.

இதே வாரத்தை எக்செல்லில் அப்படியே தட்டினால் விபரீதம். ‘6 மணி’ வெறும் எழுத்தாகிவிடும்; `SUM` அதைத் தொடாது. ½ என்று நினைத்து `1/2` அடித்தால் அது தேதியாகிவிடும். தேதிக்கு உள்ளே நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஒரு எண் இருப்பதால், கூட்டுத்தொகையே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இது அவ்வளவு ஆபத்தில்லை.

ஆபத்து வெள்ளிக்கிழமை `3:30`-இல். எக்செல் நேரத்தை 24 மணி நாளின் பின்னமாக வைத்துக்கொள்ளும். அதாவது 0.1458. நாள் பத்தியில் அது சேர்ந்து 880-ஆல் பெருகினால் 128 ரூபாய் சொச்சம் வரும். வர வேண்டியது 385. பட்டறையின் நாள் 8 மணி, எக்செல்லின் நாள் 24. ஆகவே ஒரு பதிவு சரியாக மூன்றில் ஒரு பங்காக வந்தால் காரணம் இதுதான். `3.30` என்று அடித்தால் வேறு தவறு: மூன்றரைக்குப் பதில் 3.3 மணி, 12 நிமிடம், 22 ரூபாய் போகும். சிறிய தொகை என்பதால் யார் கண்ணிலும் படாது.

நாள், மணி, நிமிடம் மூன்றையும் தனித்தனிப் பத்தியாக்கி, நாள் பத்தியில் 1, 0.75, 0.5, 0.25 மட்டும் ஏற்கும்படி கட்டுப்பாடு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. ஷிஃப்ட் மணி `H1`-இல் இருக்கட்டும்:

```
=B2*$H$1 + C2 + D2/60
```

பழைய ஷீட்டில் `3:30` ஏற்கெனவே ஏறியிருந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் `*24` செய்து, எண் வடிவத்துக்கு மாற்றி, மணிப் பத்தியில் போட வேண்டும்.

இதன் பிறகும் ஒரு பார்வை பாக்கி. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு வேலைக்குப் போயிருந்தால், ஒரு சூப்பர்வைசர் ‘1’ போட்டிருப்பார், இன்னொருவர் ‘3 மணி’ போட்டிருப்பார். வேலைவாரியாகப் பார்த்தால் இரண்டும் சரியாகத்தான் தெரியும். ஆள்வாரியாக, நாள்வாரியாகக் கூட்டினால்தான் 11 மணி வெளியே வரும். ஓ.டி. எழுதாமல் 8-ஐத் தாண்டிய ஒவ்வொரு வரிக்கும் அந்த இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் ‘1’ போட்டதுதான் 5 மணியாக இருந்திருக்கும்.