தமிழை அமுக்கினால் தெலுங்கு வருது

பெங்களூரில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கிற ஒரு கூடத்துக்கு, நோயாளிகளின் போனில் ஓடும் செயலியில் வரும் குறிப்புகளைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தேன். மொத்தம் 312. 'சரி', 'ரத்து' போன்ற ஒற்றைச் சொற்கள் பாதி. மீதி எல்லாம் 'எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும்' வகை.

கொடுத்து இரண்டு மாதம் கழித்து அவர்கள் வரவேற்பில் இருக்கும் பெண் கூப்பிட்டாள். "அக்கா, ஹலசூர்ல இருந்து ஒரு அம்மா சண்டைக்கு வந்துட்டாங்க. தமிழை அமுக்கினா தெலுங்கு வருதாம். நீங்கதான் மாத்தி அனுப்பிட்டீங்கன்னு இங்க சொல்றாங்க."

இந்தப் பெண்தான் வெளியிடும் முன் தமிழைச் சரிபார்த்தவள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் தமிழ்; படித்ததெல்லாம் கன்னடம். பேசச் சொன்னால் என்னைவிட வேகமாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பெங்களூரில் இப்படிப் பாதிப் பேர். திரையில் சுழி சுழியாக ஏதோ இருந்தது, ஓகே போட்டிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. செயலியை எழுதியவர் வடக்கத்திக்காரர், அவருக்கு நம் எழுத்து நான்கும் ஒரே ஜிலேபி.

நான் தெலுங்கு அனுப்பவில்லை என்று நிரூபிக்க வேண்டும். எனக்குத் தெலுங்கே தெரியாது என்று சொன்னால் போதும்தான். ஆனால் இவர்களுக்கு வாய்வார்த்தை போதாது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் எக்செல் கோப்பை அனுப்பச் சொன்னேன். A-யில் குறிப்பின் எண், B-யில் ஆங்கிலம், பிறகு வரிசையாக இந்தி, கன்னடம், தமிழ், தெலுங்கு.

312 வரியையும் கண்ணால் பார்க்கலாம். பார்த்தால் நூறாவது வரியில் கண் தூங்கிவிடும். அதனால் ஒரு சின்ன வித்தை. யூனிகோடில் இந்திய எழுத்துகளுக்கு 128 இடம் கொண்ட தொகுதிகளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்த் தொகுதி 2944-இல் தொடங்கும், தெலுங்கு 3072-இல், கன்னடம் 3200-இல். எனவே முதல் எழுத்தின் எண்ணை 128-ஆல் வகுத்தால் எந்த எழுத்து என்று ஒரே எண்ணில் தெரிந்துவிடும்:

```
=INT(UNICODE(E2)/128)
```

இந்திக்கு 18, தமிழுக்கு 23, தெலுங்குக்கு 24, கன்னடத்துக்கு 25. ஓரத்தில் போட்டுக் கீழே இழுத்தேன். 23, 23, 23 என்று போய்க்கொண்டே இருந்து, 288-ஆம் வரியிலிருந்து 24 வர ஆரம்பித்தது. மொத்தம் 19 வரி. நடுவில் சில இடங்களில் 0 வந்தது பயமுறுத்தியது. போய்ப் பார்த்தால் '8 மணி நேரம்' என்று இலக்கத்தில் தொடங்கும் வாக்கியங்கள். சூத்திரம் முதல் எழுத்தை மட்டும்தான் பார்க்கும், அதற்கு 8 என்பது ஆங்கில வரிசை. அவற்றை மட்டும் கண்ணால் பார்த்துக்கொண்டேன். இன்னொன்று, இது எழுத்தைத்தான் சொல்லும், மொழியை இல்லை. இந்தியின் இடத்தில் மராத்தி வந்து உட்கார்ந்திருந்தாலும் 18 என்றுதான் காட்டும்.

தெலுங்கு எப்படி வந்தது என்பது, அதே சூத்திரத்தைப் பக்கத்துப் பத்திகளுக்கும் போட்ட பிறகுதான் புரிந்தது. அந்த 19 வரிகளில் கன்னடத்தின் இடத்தில் 23, அதாவது என் தமிழ். தமிழின் இடத்தில் 24. தெலுங்கின் இடத்தில் `#VALUE!`, அதாவது காலி. எல்லாம் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது.

அந்த 19-ம் பின்னால் சேர்த்த குறிப்புகள், அவற்றுக்குக் கன்னட மொழிபெயர்ப்பு அப்போது வந்திருக்கவில்லை. யாரோ காலியான கட்டங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, உள்ளே இருப்பதை அழிப்பதற்குப் பதில் கட்டத்தையே நீக்கியிருக்கிறார்கள். நீக்கினால், மிச்சத்தை இடப்பக்கம் நகர்த்தவா மேலே நகர்த்தவா என்று எக்செல் கேட்கும். இடப்பக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். காலியாகப் போன தெலுங்குக்குச் செயலி ஆங்கிலத்தைக் காட்டியிருக்கிறது, ஆகவே தெலுங்குக்காரர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. கன்னடத்தை அமுக்கியவருக்குத் தமிழ் வந்திருக்கிறது. இந்த ஊரில்! அது பெரிய சண்டையாவதற்குள் ஹலசூர் அம்மா வந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

"திருப்பி வலப்பக்கம் நகர்த்திடலாமா?" என்று செயலிக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டு மாதத்தில் யார் எந்தக் கட்டத்தில் என்ன திருத்தினார்கள் என்று தெரியாது. நான் அனுப்பிய பழைய கோப்பிலிருந்து, குறிப்பின் எண்ணை வைத்து `VLOOKUP` போட்டுத் தமிழை இழுத்துக்கொள்ளச் சொன்னேன். தெலுங்குக்கும் அவரவர் கொடுத்த மூலத்திலிருந்து அப்படியே. வரிசை மாறியிருந்தாலும் எண் மாறாது.

என் கை சுத்தம் என்று ஆனது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கோப்பு திறந்துதானே இருக்கிறது, ஒரே வாசகம் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. வழக்கமான `COUNTIF` நீளமான குறிப்புகளுக்கு மட்டும் பிழை காட்டியது. தேடும் வாசகம் 255 குறியைத் தாண்டினால் அது ஒத்துழைக்காது. தமிழில் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும், 'தமிழ்' என்ற சொல்லே கணினிக்கு ஐந்து குறி. அதனால் இப்படி:

```
=SUMPRODUCT(--(E$2:E$313=E2))
```

1 வந்தால் அந்த வாசகம் ஒரே இடத்தில் இருக்கிறது. 'சரி', 'ரத்து' எல்லாம் 2, 3 என்று வந்தன, ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருக்கும் சொற்களுக்கும் தமிழில் ஒன்றே போதும் என்பதால் அது குற்றமில்லை. பிறகு 74-ஆம் வரியிலும் 2. முழு நீளக் குறிப்பு. அதே வாசகம் 73-இலும்.

73 வெறும்வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனை: எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடிக்கலாம். 74 அடிவயிற்று ஸ்கேன். அதற்கு ஆங்கிலத்தில் இருந்ததோ, ஒரு மணி நேரம் முன்பு நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, ஸ்கேன் முடியும் வரை சிறுநீர் கழிக்காமல் இருங்கள் என்பது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும்.

இதை யாரும் நகர்த்தவில்லை. என் பழைய கோப்பிலும் அப்படியே இருந்தது. வேர்டில் எழுதி ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டுவது என் பழக்கம். 74-ஐ எடுக்கும்போது `Ctrl+C` சரியாக அழுந்தவில்லை போல, `Ctrl+V` மட்டும் அழுந்தி முந்தையதே மறுபடி விழுந்திருக்கிறது. வேர்டு கோப்பில் 74-க்கான சரியான தமிழ் இருக்கிறது, ஒட்டப்படாமல். எழுத்துச் சோதனையில் இது சிக்கவே சிக்காது, அச்சு அசலாக 23.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தெலுங்குப் பிரச்சினை என்னுடையது இல்லை, ஆனால் இது என்னுடையது என்று சொல்லி, 74-ஆம் குறிப்பைப் படித்துக் காட்டினேன்.

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு ஸ்கேன் அறைப் பக்கம் திரும்பிக் கத்தியது நன்றாகவே கேட்டது. "மேரி அக்கா, தமிழ்க்காரங்க மட்டும் ஏன் காலிப் பையோட வந்து ஒரு மணி நேரம் தண்ணி குடிச்சிட்டு உட்கார்றாங்கன்னு கேட்டீங்கல்ல, தெரிஞ்சிடுச்சு!"