வற்றாப்பளைக்குத் தனியப் போன நாலு நாள்

என் கணவர் காலமாகி இரண்டு வருசம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருசம். இந்த வைகாசியில்தான் முதன்முதலாக ஒரு பயணத்துக்குத் தனியப் பை கட்டினேன்.

"தனியவோ அம்மா போறீங்கள்? பொங்கலுக்கு எல்லாரோடையும் சேர்ந்து வான் பிடிச்சுப் போங்கோவன்" என்றாள் மகள். அந்தச் சனநெரிசல்தான் வேண்டாமென்று நான் நினைத்தது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வைகாசியில் ஒரு திங்கட்கிழமை வரும். அதற்கு முந்தின திங்கட்கிழமை, சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரிலேயே விளக்கேற்றுவார்கள். ஞாயிறு இரவு வரை விளக்கு அங்கேயே எரியும். பிறகுதான் வற்றாப்பளைக்குப் போகும். அந்த இடைப்பட்ட வாரத்தில் புதன் போய்ச் சனி திரும்புவதென்று முடிவெடுத்தேன். விளக்கையும் காணலாம், நெரிசலும் இராது. முள்ளியவளையில் ஒரு வீட்டின் முன்னறை வாடகைக்குக் கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒரு கோயில், வெயில் ஏற முன்னம் திரும்பி வந்து படுப்பது என்பதுதான் திட்டம்.

அதை முதல் நாளே நான் மீறினேன். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவுப் பஸ் ஏறினேன். வழியில் ஒட்டுசுட்டான் வந்ததும், தான்தோன்றீசுவரரையும் பார்த்துவிட்டுப் போவமே என்று பையோடு இறங்கிவிட்டேன். குரக்கன் தட்டை எரித்தபோது எரியாமல் நின்ற இடத்தில் தோன்றிய லிங்கம் என்பது ஊர்க்கதை. அதனால் அந்த இடத்துக்கு வேகாவனம் என்றும் பெயர். தரிசனம் மனநிறைவாக இருந்தது. ஆனால் அடுத்த பஸ் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. நாக்கு வறண்டு, எழும்பி நின்றால் கண் இருட்டியது. தேத்தண்ணிக் கடைக்காரத் தம்பி நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு, உப்புப் போட்டுத் தேசிக்காய்த் தண்ணி தந்தார். என் கணவர் இருந்திருந்தால் பையை அவர் பார்த்துக்கொள்வார், நான் படலையடியில் நிழல் தேடுவேன். தனியப் போகிறவர்கள் பையை அறையில் வைத்த பிறகுதான் கோயிலுக்குப் போகவேண்டும்.

அன்று பின்னேரம் நன்றாகப் படுத்தெழும்பி, காட்டா விநாயகரிடம் போனேன். மண்பாத்திரத்தில் கடல்நீர், அதில் ஒரு திரி, அமைதியான சின்னச் சுடர். நான் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த நாளும் அங்கேதான் போனேன்.

வெள்ளிக்கிழமை விடிய வற்றாப்பளை. மதுரையை எரித்தபின் கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது இடம், பத்தாம்பளை என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள். நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த பொடியன்களிடம் ஒரு கிழவியாய் வந்து, பசிக்குதென்று புக்கை கேட்டாளாம். விளக்குக்கு எண்ணெய் இல்லையென்றபோது கடல்நீரை விட்டு எரிக்கச் சொன்னாளாம். தலையில் பேன் பார்க்கச் சொல்ல, அவர்கள் முடியை விலக்கினால் ஆயிரம் கண். பிறகு ஆளைக் காணோம்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அந்த மணலில் நின்றபோதுதான் உறைத்தது, அவளும் புருசனை இழந்தவள், தனியத்தான் நடந்து வந்திருக்கிறாள் என்று. இவர் போனதிலிருந்து நான் கோயில்களில் பின்னுக்கு ஒதுங்கித்தான் நிற்பேன். அன்று முன்னுக்குப் போய் நின்றேன்.

புக்கை பொங்குவதென்று வீட்டிலேயே நினைத்திருந்தேன். அரைக் கொத்துப் பச்சையரிசி, ஒரு பிடி வறுத்த பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பால். இரண்டு வருசமாக ஒரு ஆளுக்கென்று பானை வைக்க மனம் வந்ததில்லை. மூன்று கல்லு வைத்து மூட்டினால் சோளகக் காற்று நெருப்பை ஒரு பக்கமாகவே அள்ளியது. ஒருபக்கப் பால் பொங்க, மறுபக்கம் அரிசி அப்படியே கிடந்தது. பக்கத்தில் பொங்கிய அக்கா பார்த்துவிட்டு, "காத்துப் பக்கம் தகரத்தை வையுங்கோ" என்று தன் தகரத்தில் ஒன்றைத் தந்தார். அதன் பிறகு நெருப்பு நேராக நின்றது. பால் கிழக்குப் பக்கமாய் வழிந்தது.

அந்த அக்காவின் மகன் 2009 வைகாசியில் அந்தக் கரையிலேயே இல்லாமற் போனவன். அவர் மெல்லச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். படைத்து முடிய, என் புக்கையில் பாதியை அவருக்கு வாழையிலையில் வைத்தேன். அவர் தன்னதில் ஒரு அகப்பை எனக்குப் போட்டார். வேப்பமர நிழலில் இருந்து இருவரும் தின்றோம். பத்து மணிக்கு முன்னமே அறைக்கு வந்து படுத்துவிட்டேன்.

சனி காலை மாங்குளத்துக்குப் பஸ் ஏறியபோது, எதிர்ப்பக்கமாய்ப் பொங்கலுக்குப் போகிற சனம் வரத் தொடங்கியிருந்தது. மகளுக்கு எடுத்துச் சொன்னேன், அடுத்த வருசமும் புதன்கிழமையே வருவேன் என்று.