கடன் தவணையில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு? வங்கியிடம் ஒரு தாள் வாங்கப் பட்ட பாடு

நவம்பர் 30க்குள் 2024/2025 மதிப்பாண்டுக்கான வரி அறிக்கையைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. எங்கள் கணக்காளர் ஐயா மற்றதையெல்லாம் முடித்துவிட்டு ஒரே ஒரு தாளுக்காகக் காத்திருந்தார். சுன்னாகத்தில் நானும் தம்பியும் சேர்ந்து நடத்தும் மா ஆலைக்கு 2024 மார்ச் 25இல் 20 இலட்சம் ரூபாய் கடன் எடுத்திருந்தோம். ஐந்து வருடக் கடன், வட்டி 15 வீதம், மாதத் தவணை 47,580 ரூபாய். கட்டிய காசில் முதலுக்குப் போனது எவ்வளவு, வட்டிக்குப் போனது எவ்வளவு என்று வங்கி பிரித்துக் காட்டிய கூற்று வேண்டும் என்றார் ஐயா.

யாழ்ப்பாண நகரத்தில் இருக்கிற கிளைக்குப் போய், வரிசையில் நின்று, "மிஸ், கடனுக்கு ஒரு ஸ்டேட்மென்ட் வேணும்" என்றேன். அந்தப் பிள்ளை கணக்கிலக்கத்தைக் கேட்டு, பத்துப் பதினைந்து பக்கம் அடித்து, சீலும் குத்தித் தந்துவிட்டா. அதற்குக் கட்டணமும் கணக்கிலேயே கழித்தாயிற்று. வெளியே வந்து பிரித்துப் பார்த்தால் அது எங்கள் நடைமுறைக் கணக்கின் கூற்று. மாதா மாதம் 47,580 போனது என்ற வரி இருக்கிறது, அவ்வளவுதான். அது எனக்கே தெரியும்.

ஐயாவுக்கு அந்தத் தாளால் ஒரு பிரயோசனமும் இல்லை. முழுத் தவணையையும் கடன் கணக்கில் கழித்தால் புத்தகத்தில் கடன் வங்கி சொல்வதைவிடக் குறைவாக நிற்கும், வட்டிச் செலவு காணாமல் போய் இலாபம் ஊதிவிடும், அதற்கு வரியும் கட்ட வேண்டி வரும். முழுவதையும் செலவாக எழுதினால் கடன் அசையாமல் 20 இலட்சத்திலேயே நிற்கும். வட்டி மட்டும்தான் செலவு. முதல் என்பது வாங்கிய காசைத் திருப்பிக் கொடுப்பது.

மறுபடி போனேன். இந்த முறை வேறொருவர், "அதுதான் கடன் தரேக்கை தந்த அட்டவணையில எல்லாம் பிரிச்சுக் கிடக்கே அண்ணை" என்று அதையே திரும்ப அச்சடித்துக் கையில் தந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதல் 12 தவணைகளில் வட்டி 280,573, முதல் 290,387 என்று அழகாகப் போட்டிருந்தது. படமெடுத்து ஐயாவுக்கு அனுப்பினேன். உடனே எடுத்தார். "தம்பி, இது நடக்கும் எண்டு நினைச்சது. எனக்கு நடந்தது வேணும்."

அவர் சொன்னது சரி. அட்டவணை கடன் தந்த அன்று போட்ட கணக்கு. எங்கள் கடன் மாறும் வட்டி. ஆறு மாதத்தில் மீளாய்வு வந்து செப்டெம்பர் 25இலிருந்து 13.5 வீதமாகக் குறைந்தது. தவணைத் தொகையை வங்கி மாற்றவில்லை. அதனால் ஒவ்வொரு தவணையிலும் வட்டி குறைந்து முதலுக்குக் கூடப் போயிருக்கிறது. அதோடு, அட்டவணை எல்லா மாதத்தையும் சமமாக எடுக்கும், வங்கி நாள் எண்ணி வட்டி போடும். முதல் தவணைக்கு அட்டவணையில் வட்டி 25,000. உண்மையில் 31 நாளுக்கு 25,479 ரூபாய் 45 சதம். ஓகஸ்ட் 25 ஞாயிறு என்பதால் அந்தத் தவணை திங்கள்தான் போனது. அந்த ஒரு நாளுக்கும் வட்டி உண்டு.

இதையெல்லாம் காட்டும் தாள் கடன் கணக்கின் நடவடிக்கைக் கூற்று. அது கவுண்டரில் கிடைக்காது, கடன் பகுதியில்தான் கேட்க வேண்டும். அங்கே போனால், "சிஸ்ரத்தில அப்பிடிப் பிரிச்சு வராது" என்று ஒருவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். வராமல் எப்படி? ஒவ்வொரு தவணையையும் பிரித்துத்தானே வட்டியை எடுக்கிறார்கள்! பொறுப்பான அலுவலர் லீவில் என்றும், எழுத்தில் தந்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். கடன் இரண்டு பேர் பெயரில், தம்பியின் கையெழுத்தும் வேண்டும் என்று கடிதம் திரும்பி வந்தது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் காங்கேசன்துறை வீதியால் இன்னொரு முறை அலைந்திருக்க மாட்டேன். கூட்டாக எடுத்த கடனென்றால் எல்லாருடைய கையெழுத்தும் வியாபாரச் சீலும் போட்டே கடிதத்தைக் கொண்டு போங்கள்.

இரண்டாவது கடிதத்தை ஐயாவே சொல்லச் சொல்ல எழுதினேன். "ஸ்டேட்மென்ட்" என்ற சொல்லே அதில் இல்லை. கடன் கணக்கின் இலக்கம், 2024.04.01 தொடக்கம் 2025.03.31 வரை, ஒவ்வொரு கொடுப்பனவிலும் முதல், வட்டி, தாமதக் கட்டணம் என்று தனித்தனியாக, தொடக்க மீதியும் இறுதி மீதியும், 2025.03.31 வரை சேர்ந்து இன்னும் அறவிடாத வட்டியும் வேண்டும் என்று கேட்டோம். லீவு முடிந்து வந்திருந்த அலுவலர் அதை ஒரு தரம் வாசித்துவிட்டு, "ஓ, இதுவா" என்று பத்து நிமிடத்தில் அடித்துத் தந்தார். வராது என்ற சிஸ்ரத்திலிருந்துதான்.

தாளில் எல்லாம் சுருக்க எழுத்துகள். ஒரே திகதியில் இரண்டு மூன்று வரிகள் வேறு. நான் அங்கேயே நின்று, எது வட்டி, எது முதல் என்று பக்கத்தில் பேனையால் எழுதி ஒப்பமிடச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் செய்தார். அப்படி எழுதி வாங்காவிட்டால் நவம்பர் மாதத்துப் பதிவு விளங்கியிருக்காது. அந்த நேரம் மழை வெள்ளம், மா எடுத்த கடைக்காரர் காசு தரவில்லை, 25ஆம் திகதி கணக்கில் 31,200தான் கிடந்தது. வங்கி அதை அப்படியே எடுத்து, 21 ஆயிரத்துச் சொச்சத்தை முதலில் வட்டிக்குப் போட்டு, மிச்சத்தைத்தான் முதலுக்குப் போட்டிருந்தது. டிசம்பர் 3இல் மீதி 16,380உம் தாமதக் கட்டணம் 500உம் போயிருக்கிறது. நடைமுறைக் கணக்கில் அது 16,880 என்று ஒரே வரி.

ஐயா ஒரு சின்னச் சோதனை சொல்லித் தந்தார். தொடக்க மீதி 2,000,000, இறுதி மீதி 1,695,950. வித்தியாசம் 304,050. இடையில் புதிதாகக் கடன் எடுக்கவில்லை, வட்டி எதையும் முதலோடு சேர்க்கவில்லை என்றால் முதலுக்குப் போனது அவ்வளவுதான். ஆண்டில் வங்கி எடுத்தது 571,460. அதில் முதலையும் தாமதக் கட்டணம் 500ஐயும் கழித்தால் வட்டி 266,910. கூற்றின் வட்டி வரிகளின் கூட்டுத்தொகையும் அதேதான். அட்டவணையை நம்பியிருந்தால் வட்டியை 13,663 ரூபாய் கூடுதலாக எழுதியிருப்போம், கடன் மீதியும் வங்கியோடு ஒத்து வராது. பிரித்த கூற்று கிடைக்காமல் நேரம் போய்விட்டால், இரண்டு மார்ச் 31களுக்குமான மீதி உறுதிக் கடிதத்தை வைத்தே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

அறவிடாத வட்டி மட்டும் கூற்றில் வரவில்லை. அதற்காக இன்னொரு முறை போகப் பொறுமையில்லை. மார்ச் 25 தொடக்கம் 31 வரை ஏழு நாள், 1,695,950க்கு 13.5 வீதம் என்று ஐயாவே 4,391 ரூபாய் போட்டு இந்த ஆண்டில் சேர்த்தார். அதேபோல, கடன் எடுத்த வாரத்து வட்டி 5,753ஐ முந்தைய ஆண்டுக்குத் தள்ளினார்.

அறிக்கை நேரத்துக்குப் போய்விட்டது. ஃபைலை மூடும்போது, "தம்பி, வானுக்கும் லீசிங் கட்டுறியள் எல்லோ, அதின்ர கூற்று எங்கை?" என்றார். அடுத்த வருடத்துக்குத்தானாம். தம்பியிடம் இப்போதே கையெழுத்து வாங்கி வைத்துவிட்டேன்.