இருநூறு ரூபாயை வாய்விட்டுச் சொல்வது

வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஒரு இறகுப் பந்து கிளப்பில் மேனேஜர் வேலை பார்க்கிறேன். மூன்று கோர்ட், எண்பது உறுப்பினர்கள். மேனேஜர் என்றால் சாவி, கணக்கு, காக் டப்பா, தண்ணீர் கேன் எல்லாம்தான். வருடத்தில் ஒரு நாள் பொதுக்குழுவில் எழுந்து நின்று பேசுவதும் இதில் சேரும். அதில் எனக்குக் கஷ்டம் கட்டண உயர்வைப் பற்றிப் பேசுவது.

முதல் தடவை சொதப்பினேன். 700 ரூபாயை 800 ஆக்கிய வருடம் அது. காக் விலை ஏன் ஏறுகிறது என்பதில் ஆரம்பித்தேன். ஒரு காக்கில் பதினாறு இறகு, வாத்துச் சிறகிலிருந்து எடுப்பது, அதெல்லாம் சீனாவிலிருந்து வருகிறது என்று இருபது நிமிடம். அப்புறம் வாடகை, அப்புறம் கரண்ட். நூறு ரூபாய் என்று நான் சொல்லும்போது, ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று எல்லோரும் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி வந்ததும், “மத்த கிளப்ல போய்க் கேட்டுப் பாருங்க, எவ்வளவு வாங்கறாங்கன்னு” என்று சொல்லிவிட்டேன். காட்பாடியிலிருந்து வரும் ஒரு பெரியவர் அமைதியாக, “போய்ப் பாக்கறோம் சார்” என்றார். அதை மறக்கவே முடியவில்லை.

இந்தத் தடவை விஷயம் இன்னும் பெரியது. இரண்டு வருடம் முன்னால் ஒரு டப்பா காக் எங்களுக்கு 1,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இப்போது 1,600. மாதம் 22 டப்பா போகிறது. வேலூர் வெயிலில் இறகு காய்ந்து சீக்கிரம் முறியும். காக் திசை மாறும் என்று மின்விசிறியும் போட முடியாது, கதவையும் திறக்க முடியாது. ஆக, காக்குக்கு மட்டும் மாதம் 13,200 கூடுதல். கோர்ட் துடைக்கிற தம்பிக்கு 2,000 சம்பளம் ஏற்றினோம். கரண்ட் பில் 800 கூடியது. மொத்தம் 16,000. எண்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 200.

இதைவிட முக்கியமான ஒரு கணக்கு இருந்தது, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. ஒன்பது மாதமாக இந்த 16,000ஐ கோர்ட் மேட் மாற்ற வைத்திருந்த சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். 2,40,000 இருந்தது, 96,000 மிச்சம். இப்படியே போனால் இன்னும் ஆறு மாதம். யாரும் திருடவில்லை, எல்லாம் கணக்கில் இருக்கிறது. ஆனால் உறுப்பினர்களிடம் சொல்லவில்லை. கமிட்டியில் ஒருவர், “அதைச் சொல்ல வேணாம், கேட்டா சொல்லிக்கலாம்” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்ட பிறகு சொன்னால் அது மறைத்ததாகத்தான் கேட்கும். நாமே முதலில் சொன்னால் தவறு செய்ததாக மட்டும் கேட்கும்.

முந்தின இரவு வீட்டில் மனைவியிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். காகிதத்தில் சரியாக இருந்தது காதில் சரியாக இல்லை. “தவிர்க்க முடியாத காரணங்களால்” என்று ஒரு இடத்தில் வந்தது. “என்ன காரணம்னு சொல்லப் போறீங்களே, அப்புறம் இது எதுக்கு?” என்றாள். அடித்தேன். “கமிட்டி முடிவு செய்துள்ளது” என்பதையும் அடித்து, “நாங்கள் கேட்கிறோம்” என்று மாற்றினேன். முடிவு பொதுக்குழுவின் கையில்தானே இருந்தது. தினம் ஒரு டீ காசுதான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதையும் எடுத்துவிட்டேன். அடுத்தவர் டீயைக் கணக்குப் போட நான் யார்?

ஞாயிறு காலை ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எழுந்து முதல் வரியிலேயே, “மாதக் கட்டணத்தை 800லேருந்து 1,000 ஆக்கணும்னு கேக்கறோம்” என்றேன். சலசலப்பு அடங்கும்வரை நின்றேன். அப்புறம் போர்டில் மூன்றே எண்கள் எழுதினேன். காக் 165, சம்பளம் 25, கரண்ட் 10. காதால் கேட்பவருக்கு மூன்று எண்ணுக்கு மேல் நிற்பதில்லை. சம்பளம் என்று சொல்லும்போது அந்தத் தம்பி பின்னால் நின்றிருந்தான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தெரியும். அதனால் முந்தின நாளே அவனிடம் கேட்டிருந்தேன். “சொல்லுங்க சார், நான் இன்னா கடனா கேட்டேன்” என்றான்.

அடுத்து சேமிப்பு. “ஒன்பது மாசம் முன்னாடியே உங்ககிட்ட வந்திருக்கணும். விலை இறங்கும்னு காத்திருந்தோம். அது எங்க தப்பு.” அதற்கு மேல் விளக்கவில்லை. வாத்துக் கதையை வாயில் எடுக்கவில்லை. மொத்தம் ஆறு நிமிடம்.

முதலில் வந்தது வேலூரைப் பற்றிய பழைய கிண்டல்தான். “ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, இப்போ பணம் இல்லாத கிளப்பா?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அடுத்த கேள்வியில் சிரிப்பில்லை. “ஒன்பது மாசம் எங்களைக் கேக்காம எடுத்தீங்க. இனிமே எடுக்க மாட்டீங்கன்னு இன்னா உறுதி?” நல்ல கேள்வி. நெஞ்சுக்குள் சுருக்கென்று இருந்தது. அந்தச் சேமிப்பில் இனி கை வைக்க வேண்டுமானால் முன்கூட்டி போர்டில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

நைலான் காக்குக்கு மாறலாமே என்றார் மேல்விஷாரத்திலிருந்து வரும் பாய் ஒருவர். நைலான் விலை குறைவு, ரொம்ப நாள் தாங்கும், ஆனால் பறக்கிற விதமே வேறு. “காலையில் பழக வர்றவங்களுக்கு ஒத்துவரும், மாலையில் மேட்ச் ஆடறவங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். ஒரு மாசம் காலையில மட்டும் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

மாணவர்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். நர்ஸாக வேலை பார்க்கும் மேடம் ஒருவர், “பசங்களுக்கு நூறு மட்டும் ஏத்துங்க” என்றார். போர்டிலேயே கணக்குப் போட்டேன். 1,200 குறையும். மற்ற 68 பேர் தலைக்குப் பதினெட்டு ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். “இருபதா போடுங்க” என்று நாலைந்து குரல். மாணவருக்கு 900, மற்றவருக்கு 1,020 என்று முடிந்தது. நான் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தார்கள். ஒன்பது பேர் எதிராகக் கை தூக்கினார்கள், அவர்கள் பெயரையும் காரணத்தையும் குறிப்பில் எழுதச் சொன்னேன்.

முடியும் நேரத்தில் அந்தக் காட்பாடிப் பெரியவர் எழுந்தார். “கட்டணம் ஏறுச்சுன்னு அஞ்சு பேர் நின்னுட்டா இன்னா ஆகும்?” எனக்குத் தெரியவில்லை. பழைய நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். “அந்தக் கணக்கு போடலை சார். வெள்ளிக்கிழமை ஒட்டறேன்” என்றேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

போட்டுப் பார்த்தேன். ஒருவர் நின்றால் 1,020 வரவு போகிறது. மாதக் காக் செலவு 35,200ஐ எண்பதால் வகுத்தால் வரும் அவர் பங்கு 440 மிச்சமாகும். வாடகையும் சம்பளமும் அப்படியே. ஆக, ஒருவருக்கு 580 இழப்பு, ஐந்து பேருக்கு 2,900. அதைத் தாங்க இப்போதைய கணக்கில் இடமில்லை என்பதையும் சேர்த்து எழுதி, சொன்னபடி ஒட்டினேன்.

திங்கள்கிழமை பார்த்தால் 440க்குக் கீழே பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: “வாரம் ரெண்டு நாள் ஆடறவனுக்கும் தினம் ஆடறவனுக்கும் ஒரே 440ஆ?” கிழிக்காமல் விட்டிருக்கிறேன். அடுத்த கமிட்டியில் முதல் விஷயம் அதுதான்.